பிஐபி முடிந்த பிறகு கோப்பைத் திறந்தால்

1960இல் அசாமில் மொழிக் கலவரம் வெடித்தது. அப்போது நவ்காங் மாவட்டத் துணை ஆணையராக இருந்த அதிகாரி தக்க நேரத்தில் தடுப்பு நடவடிக்கை எடுக்கவில்லை, தலைமை தாங்கும் திறன் காட்டவில்லை என்று குற்றம்சாட்டி அவரைப் பணியிலிருந்து நீக்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1979இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. வேலையில் திறமை போதவில்லை என்பதை மட்டும் வைத்து ஒழுங்கீனம் என்று தண்டிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அது அரசுப் பணி வழக்கு. ஆனால் அதே வேறுபாடுதான் இன்று சென்னை பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் ‘பிஐபியில் போட்டுட்டாங்க’ என்று பேசப்படும் விஷயத்துக்கும் அடிப்படை. பணத்தைக் கையாடியவரை நீக்குவதற்கு ஒரு பாதை உண்டு: குற்றச்சாட்டு மெமோ, விளக்கம், உள்விசாரணை. நேர்மையாக உழைத்தும் தரம் எட்டாதவரை அந்தப் பாதையில் தள்ள முடியாது. அவருக்குத்தான் செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம், அதாவது பிஐபி. குறிப்பிட்ட நாட்களுக்குள் குறிப்பிட்ட அளவை எட்ட வேண்டும், எட்டாவிட்டால் வேலை போகும். கேட்க எளிது. தோற்ற பிறகு வேலையை முடிக்கும் இடத்தில்தான் பல நிறுவனங்கள் தடுக்கி விழுகின்றன. பணிநீக்கக் கடிதம் ஒரு பக்கம். அதை நிற்கவைப்பது அதற்கு ஆறு மாதத்துக்கு முன் எழுதிய காகிதங்கள்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன் 41ஆவது பிரிவு இங்கே முக்கியம். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமலும் நீக்கக் கூடாது என்கிறது அது. நீக்கப்பட்டவர் தொழிலாளர் துறையிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கே ‘நியாயமான காரணம்’ என்பதைக் காட்டும் பொறுப்பு நடைமுறையில் நிறுவனத்தின் தலையில்தான் விழும்.

ஒரு கற்பனை உதாரணத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம். பெருங்குடியில் ஒரு மெடிக்கல் கோடிங் நிறுவனம். அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, காப்பீட்டுப் பணம் கேட்பதற்கான குறியீடுகளாக மாற்றும் வேலை. ஊழியர் ஆறு ஆண்டு அனுபவம் உள்ளவர், மாதச் சம்பளம் 36,000 ரூபாய். ஐந்து ஆண்டு ரேடியாலஜி பிரிவில் நல்ல பெயர். ஆறாம் ஆண்டில் சர்ஜரி புராஜெக்டுக்கு மாற்றினார்கள். அங்கே 95 சதவீதத் துல்லியம் வேண்டும். பிப்ரவரி தணிக்கையில் இவர் செய்த 100 சார்ட்டுகளை எடுத்துப் பார்த்ததில் 14 தவறு. துல்லியம் 86.

முதல் எச்சரிக்கை இங்கேதான் எழுதப்பட வேண்டும். அது எப்படி எழுதப்படுகிறது என்பதில் வழக்கின் பாதி இருக்கிறது. ‘உங்கள் வேலைத்தரம் திருப்தியாக இல்லை, இனி கவனமாக இருக்கவும்’ என்று டீம் லீடர் அனுப்பும் மெயில் எதற்கும் உதவாது. எந்த வேலை, எந்தத் தேதி, எவ்வளவு குறைவு என்று அதில் ஒன்றும் இல்லை. பயன்படும் எச்சரிக்கை இப்படி இருக்கும்: ‘பிப்ரவரியில் தணிக்கை செய்த 100 சார்ட்டுகளில் 14 தவறு. அவற்றில் 9 மாடிஃபயர் சம்பந்தப்பட்டவை. பட்டியல் இணைப்பில் உள்ளது. மார்ச் தணிக்கையில் குறைந்தது 92 எதிர்பார்க்கிறோம். பட்டியலில் ஏதேனும் தவறு என்று நினைத்தால் ஐந்து நாளுக்குள் எழுதுங்கள்.’

கடைசி வரியைப் பல மேலாளர்கள் எழுதவே மாட்டார்கள். தங்கள் கணக்கைத் தாங்களே கேள்வி கேட்கச் சொல்வதுபோல் தோன்றும். ஆனால் கோப்பில் அதிக எடை அதற்குத்தான். ஊழியர் ‘14இல் 3 தவறே இல்லை, புராஜெக்ட் விதிமுறை மாறியதை எங்களுக்குச் சொல்லவில்லை’ என்று பதில் எழுதி, நிறுவனம் அந்த மூன்றையும் சரிபார்த்து 86ஐ 89 ஆகத் திருத்திப் பதில் அனுப்பினால், பின்னால் அந்தக் கோப்பைப் படிக்கும் அதிகாரிக்கு மீதி எண்களிலும் நம்பிக்கை வரும். ஊழியரின் மறுப்பே இல்லாத, ஒரு பக்கம் மட்டும் பேசும் கோப்பு சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

அடுத்தது உதவி. ‘போதிய பயிற்சி அளிக்கப்பட்டது’ என்று பணிநீக்கக் கடிதத்தில் ஒரு வரி போடுவது வழக்கம். எந்தப் பயிற்சி, எத்தனை மணி, யார் எடுத்தார், வருகைப் பதிவு எங்கே என்று கேட்டால் அந்த வரி கரைந்துவிடும். நம் உதாரணத்தில் தவறுகளில் பெரும்பகுதி மாடிஃபயரில். அப்படியானால் பொதுவான சர்ஜரி வகுப்பு உதவி ஆகாது, மாடிஃபயர் வகுப்புதான் உதவி. ஒரு சீனியர் தினமும் அரை மணி நேரம் கூட உட்கார்ந்து பார்க்கிறார் என்றால், அந்த நாட்களின் சிறு குறிப்பு வேண்டும். கற்றுக்கொள்ளும் காலத்தில் நாளுக்கு 40 சார்ட் என்ற இலக்கை 30 ஆகக் குறைத்தார்களா? குறைத்திருந்தால் அது நிஜமான உதவி. குறைக்காமல் வகுப்பை மட்டும் வைத்திருந்தால், வகுப்பில் போன நேரத்தை இரவில் உட்கார்ந்து ஈடுகட்டியிருப்பார், துல்லியம் இன்னும் சரிந்திருக்கும். அந்தச் சரிவுக்கு யார் பொறுப்பு?

மார்ச்சில் 88, ஏப்ரலில் 89 என்று நின்றுவிட்டால் பிஐபிக்கு வரலாம். 60 நாள், வாரம் 25 சார்ட் தணிக்கை, இலக்கு 95. இந்த எண்ணைப் பேனாவால் எழுதும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: டீமில் மற்றவர்கள் எவ்வளவு எடுக்கிறார்கள்? அவர்கள் சராசரி 96 என்றால் 95 நியாயம். அவர்களே 92இல் இருந்தால், ஒருவரிடம் மட்டும் 95 கேட்பது நீக்குவதற்காகவே வைத்த பொறி என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார், அதை மறுப்பது கடினம். கால அளவும் அப்படித்தான். மாதக் கடைசியில் ஒரு முறை மட்டும் கணக்கு முடிக்கும் அக்கவுன்டன்டுக்கு 30 நாள் பிஐபி கொடுத்தால், அவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு.

வாராந்திரச் சந்திப்புகளின் குறிப்பு அன்றைக்கே எழுதப்பட்டு, அன்றைக்கே ஊழியருக்கும் போக வேண்டும். எட்டு வாரக் குறிப்பையும் கடைசி வாரத்தில் எச்.ஆர். ஒரே மூச்சில் தயாரித்தால் தெரியாமல் போகாது. மெயிலின் தேதி, கோப்பு உருவான நாள் எல்லாம் காட்டிக்கொடுக்கும். எட்டுச் சந்திப்பிலும் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தால் அதுவே சாட்சி.

இவ்வளவும் ஒழுங்காக இருந்தும் கவிழ்க்கக்கூடிய காகிதம் ஒன்று உண்டு: பழைய அப்ரைசல். மனம் நோகக் கூடாதென்றோ, பேச்சு வளரக் கூடாதென்றோ எல்லோருக்கும் ‘எதிர்பார்ப்பை நிறைவேற்றுகிறார்’ ரேட்டிங் போட்டு இன்கிரிமென்ட் கடிதமும் கொடுத்துவிடுகிறார்கள். ஏப்ரலில் பாராட்டுக் கடிதம், மே மாதம் பிஐபி. இடையில் நடந்தது என்ன? ஊழியர் தாய்மை விடுப்புக்கு விண்ணப்பித்திருந்தாலோ, மேலாளர்மீது புகார் கொடுத்திருந்தாலோ, கேள்வி கேட்பவர் பதிலைத் தானே எழுதிக்கொள்வார். இதைப்போலவே, பிஐபி நடக்கும்போதே அந்த இடத்துக்கு ஆள் தேடி விளம்பரம் கொடுப்பதும் முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்டதாகக் காட்டும்.

60 நாள் முடிவில் நம் ஊழியர் 91இல் நிற்கிறார். தோல்விதான். இன்னொரு கதவு மிச்சம் இருக்கிறது. ஐந்து ஆண்டு நன்றாகச் செய்த ரேடியாலஜிக்கே திருப்பி அனுப்ப முடியுமா? இடம் இருந்தும் கேட்காமல் நீக்கினால் ‘நியாயமான காரணம்’ பலவீனமாகும். இடம் இல்லை என்றால் அதை அன்றைய தேதியில் எழுதி வைக்க வேண்டும், இடம் கொடுத்தும் அவர் மறுத்தால் அந்த மறுப்பையும்.

பணக் கணக்கில் தவறுபவர்களும் உண்டு. தண்டனையாக அல்லாமல், நிறுவனமே ஒரு தொழிலாளியின் வேலையை முடித்தால், சட்டத்தில் சொல்லப்பட்ட சில விதிவிலக்குகள் தவிர, எந்தக் காரணத்துக்காக முடித்தாலும் அது ஆட்குறைப்பே என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 1990இல் பஞ்சாப் நில மேம்பாட்டுக் கழக வழக்கில் சொல்லிவிட்டது. ஓர் ஆண்டுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் என்ற இழப்பீடு அதனால்தான் வருகிறது. நம் ஊழியருக்கு மாதத்தில் பாதி 18,000, ஆறு ஆண்டுக்கு 1,08,000 ரூபாய். நோட்டீஸுக்குப் பதில் சம்பளம் கொடுப்பதானால் 36,000 தனி. 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, இந்த 15 நாள் கணக்கு அதிலும் தொடர்கிறது. வெளியே அனுப்பிய இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளத்தைத் தீர்க்க வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது.

‘அவர் மேலாளர், தொழிலாளி அல்ல’ என்ற வாதம் எப்போதும் கைகொடுப்பதில்லை. 2015இல் டிசிஎஸ் நீக்கிய ஒருவரின் வழக்கில் நிறுவனம் இதைத்தான் சொன்னது. சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2022இல், ஏழு ஆண்டுச் சம்பளத்தோடு அவரை மீண்டும் சேர்க்க உத்தரவிட்டது. பதவியின் பெயர் என்ன என்பதைவிட அன்றாடம் என்ன வேலை செய்தார் என்பதையே நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

இந்தச் சிக்கல்களிலிருந்து தப்பிக்கச் சில எச்.ஆர். அறைகளில் நடப்பது வேறு. கதவைச் சாத்திக்கொண்டு, ‘நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்திடுங்க, ரிலீவிங் லெட்டர் சுத்தமா இருக்கும்’ என்பார்கள். எழுதிக் கொடுத்தால் சட்டப்படி அவரை யாரும் நீக்கவில்லை. இழப்பீடு கிடையாது, மேல்முறையீடும் கிட்டத்தட்ட போய்விடும், மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை ஊழியர் தோளில். புது வேலை கையில் இருப்பவருக்கு ராஜினாமா நல்ல வழியாக இருக்கலாம். அதை அந்த அறைக்குள் அந்த நிமிடம் முடிவு செய்யத் தேவையில்லை, ஒரு நாள் அவகாசம் கேட்கலாம்.

பிஐபி கடிதம் கையில் வந்தவர்கள் அதைப் பெற்றுக்கொண்டதாக மட்டும் கையெழுத்திடுங்கள், ஒப்பாத விஷயத்தைத் தனி மெயிலில் எழுதுங்கள். பழைய அப்ரைசல், தணிக்கை முடிவு, உதவி கேட்டு அனுப்பிய மெயில் ஆகியவற்றில் உங்களுக்குரிய நகல்களை எச்.ஆரிடம் எழுத்துமூலம் கேட்டு வாங்கிவிடுங்கள். வேலை முடிந்த நாளில் லாகின் போய்விடும். வாடிக்கையாளர் தகவலை மட்டும் நகலெடுக்காதீர்கள், அது ஒழுங்கீனம் என்ற புதுக் காரணத்தை நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும். நீக்கிய உத்தரவு வந்தால் கடைகள் சட்டத்தின் கீழ் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் இருக்கிறது.