செக் என்ஜின் விளக்கும் மைலேஜும்: P0420, P0135 குறியீடுகள்

பெட்ரோல் கார்களின் முகப்புப் பலகையில் செக் என்ஜின் விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரிந்தால், ஸ்கேனரில் அடிக்கடி தென்படும் குறியீடுகளில் ஒன்று P0420. வினையூக்கி மாற்றியின் திறன் வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டது என்பது இதன் பொருள். விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டினால் அது வேறு சிக்கல். என்ஜினில் எரியாத பெட்ரோல் மாற்றிக்குள் சென்று அதைச் சுட்டெரிக்கலாம் என்பதால் வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

மாற்றிக்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் ஆக்சிசன் உணரி உண்டு. பல கார்களில் முன் உணரியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.1 முதல் 0.9 வோல்ட் வரை விரைவாக ஏறி இறங்கும். நல்ல மாற்றி ஆக்சிசனைத் தேக்கி வைத்து வெளிவிடுவதால், பின் உணரியின் அளவு அதிகம் அசையாது. அதுவும் முன் உணரியைப் போலவே ஆடத் தொடங்கினால், கணினி P0420-ஐப் பதிவு செய்கிறது.

பெட்ரோலின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முன் உணரியே. ஆகவே P0420 மட்டும் வந்து, மாற்றி அடைபடாமல் இருந்தால் மைலேஜ் பெரிதாகக் குறையாது, புகைதான் கெடும். மைலேஜும் குறைந்தால் முன் உணரியைச் சந்தேகிக்க வேண்டும். அதன் சூடேற்றி பழுதானால் P0135 வரும். சுமார் 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடான பின்னரே உணரி சரியாக வேலை செய்யும். அதுவரை கணினி உணரியின் உதவியின்றி, சற்றுக் கூடுதலாகவே பெட்ரோல் விடும்.

எடுத்துக்காட்டாக, P0135 உள்ள ஒரு கார் கடலூரிலிருந்து சிதம்பரம் சென்று திரும்ப, ஏறத்தாழ 90 கி.மீ.க்கு 6 லிட்டர் குடிக்கிறது எனக் கொள்வோம்: லிட்டருக்கு 15 கி.மீ., வழக்கமான அளவே. அதே கார் மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் இடையே தினமும் ஓடி, 90 கி.மீ.க்கு 9 லிட்டர் குடிக்கிறது. முன்பு நகருக்குள் 12 கி.மீ. கொடுத்த வண்டி இப்போது 10 தான் தருகிறது. நெடுஞ்சாலையில் புகையின் சூடே உணரியைச் சூடாக்கிவிடுகிறது. சிறு பயணத்தில் அது சூடாகும் முன்னரே வீடு வந்துவிடுகிறது. இந்தக் கணக்கை ஒரே முறை நிரப்பிப் பார்த்து முடிவு செய்வதும் தவறு. பங்க்கில் அரை லிட்டர் கூடுதலாக நிரம்பினாலே 15 என்பது 13.8 ஆகிவிடும்.

P0420 வந்ததும் மாற்றியை மாற்றச் சொல்வது பணிமனைகளில் காணப்படும் அவசரம். மாற்றியில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் இருப்பதால் விலை அதிகம். முதலில் புகைக்குழாயின் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். கடலூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் அவை விரைவில் துருப்பிடிக்கும். இரு உணரிகளுக்கும் இடையே பேக்கிங் கசிந்து காற்று புகுந்தால், நல்ல மாற்றியும் கெட்டதுபோலத் தோன்றும். குளிர்ந்த என்ஜினை இயக்கியதும் கேட்கும் ‘டிக் டிக்’ ஒலியும், இணைப்பைச் சுற்றியுள்ள கரிப்படிவும் கசிவின் அடையாளங்கள்.

கசிவு இல்லையெனில், என்ஜினை நன்கு சூடாக்கி, 2,500 சுழற்சியில் வைத்து, ஸ்கேனரில் பின் உணரியைக் கவனிக்கலாம். அளவு 0.6 அல்லது 0.7 வோல்ட்டில் நிலைத்து நின்றால் மாற்றி பெரும்பாலும் நலமே. முன் உணரியோடு சேர்ந்து ஆடினால் அதன் காலம் முடிந்தது. அகலவீச்சு உணரி பொருத்திய புதிய கார்களில் முன் உணரி இவ்வாறு ஆடுவதில்லை. அவற்றில் பின் உணரியை மட்டுமே இம்முறையில் பார்க்க முடியும். புதிய மாற்றி பொருத்தும் முன், என்ஜின் ஆயில் குடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆயில் எரிந்த படிவு புதிய மாற்றியையும் கெடுத்துவிடும்.