விற்ற டிராக்டருக்கு வந்த பிரீமியம்! நிறுத்தச் சொல்லி எழுதும் முன் ஆர்.சி-யைப் பாருங்கள்

தாராபுரத்தை அடுத்த குண்டடம் பகுதியில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பயிரிடும் விவசாயி அவர். பத்து வருஷம் உழைத்த டிராக்டரை, கடந்த ஏப்ரல் 12-ம் தேதி ஒரு தரகர் மூலம் மூலனூர் பக்கத்து விவசாயிக்கு விற்றார். பணத்தை எண்ணி வாங்கியாயிற்று. ஃபாரம் 29, ஃபாரம் 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுத் தரகர் கையில் கொடுத்தாயிற்று. அதோடு அந்த டிராக்டரை மறந்தும்விட்டார்.

செப்டம்பர் 6-ம் தேதி அவருடைய செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. டிராக்டரின் இன்சூரன்ஸ் அக்டோபர் 4-ம் தேதி நள்ளிரவோடு முடிகிறது, புதுப்பிப்பதற்கான 9,640 ரூபாய் அக்டோபர் 1-ம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளப்படும் என்றது அந்தச் செய்தி. மூன்று வருஷத்துக்கு முன்பு பாலிசி எடுத்தபோது, ஏஜென்ட் நீட்டிய காகிதங்களோடு ‘ஆட்டோ டெபிட்’ ஃபாரத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வண்டி போன பிறகும் அந்தக் கையெழுத்து உயிரோடு இருந்தது.

“விக்கறப்ப டயர், பேட்டரி, டிரெய்லர்னு ஒவ்வொண்ணையும் பேசினோமுங்க. இன்சூரன்ஸைப் பத்தி ஒருத்தருமே வாயத் திறக்கலை” என்கிறார் அவர்.

இரண்டு வரி மின்னஞ்சல்

கல்லூரியில் படிக்கும் மகன் அன்று மாலையே காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டார். ‘டிராக்டரை விற்றுவிட்டோம். இன்சூரன்ஸை ரத்து செய்யவும்.’ அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பாலிசியில் பதிவான மின்னஞ்சல் முகவரியிலிருந்து எழுத வேண்டும், இல்லையென்றால் பாலிசிதாரர் கையெழுத்திட்ட கடிதமும் அடையாளச் சான்றும் வேண்டும், வண்டி பெயர் மாறியதற்கான ஆதாரமும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

பாலிசியை எடுத்துப் பார்த்தால், அதில் பதிவாகியிருந்தது ஏஜென்ட்டின் மின்னஞ்சல் முகவரி. இது பல விவசாயிகளின் பாலிசியில் இருக்கிற கதைதான். வீட்டில் மின்னஞ்சல் இல்லை என்றதும் ஏஜென்ட் தன்னுடையதைப் போட்டுவிடுவார். நிறுவனம் அனுப்பும் தகவல்கள் அவருக்கே போகும்.

அந்த மின்னஞ்சலில் இன்னொரு பிழையும் இருந்தது. ‘ரத்து செய்யவும்’ என்பது வேறு, ‘புதுப்பிக்க வேண்டாம்’ என்பது வேறு. ரத்து என்றால், அக்டோபர் 4 வரை ஓடிக்கொண்டிருக்கிற பாலிசியே நடுவில் நின்றுபோகும். நடப்புப் பாலிசி இல்லாத வண்டிக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றமும் செய்ய மாட்டார்கள். ஆகவே, ஓடுகிற பாலிசியை ஓடவிட்டு, அடுத்த வருஷத்துக்கான புதுப்பித்தலை மட்டும் நிறுத்தச் சொல்வதே சரி.

ஆர்.சி. இன்னும் யார் பெயரில்?

ஆதாரம் கேட்டார்களே என்று, மகன் எம்பரிவாகன் செயலியில் டிராக்டரின் எண்ணைப் போட்டுப் பார்த்தார. அதில் உரிமையாளர் பெயரின் சில எழுத்துகள் மட்டுமே தெரியும். அந்தச் சில எழுத்துகளே போதுமானதாக இருந்தன. விற்று ஐந்து மாதம் ஆகியும் டிராக்டர் அப்பாவின் பெயரில்தான் இருந்தது. வங்கிக் கடனைக் குறிக்கும் ஹெச்.பி. பதிவும் அப்படியே இருந்தது. கடனை இரண்டு வருஷத்துக்கு முன்பே கட்டி முடித்தவர், ஆர்.சி-யில் அந்தப் பதிவை நீக்க மறந்திருக்கிறார். அது நீங்காததால், வாங்கியவரால் பெயர் மாற்ற முடியவில்லை. அவரும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிட்டார்.

இந்த நிலையில் புதுப்பித்தலை நிறுத்தியிருந்தால் 9,640 ரூபாய் மிச்சமாகியிருக்கும். ஆனால், அக்டோபர் 5-ம் தேதி முதல் அவர் பெயரில் உள்ள ஒரு டிராக்டர் இன்சூரன்ஸ் இல்லாமல் சாலையில் ஓடியிருக்கும். அது யார் மேலாவது மோதினால், இழப்பீடு கேட்டு நோட்டீஸ் வருவது ஆர்.சி-யில் பெயர் உள்ளவருக்குத்தான். பல கை மாறிய ஒரு கார் சம்பந்தப்பட்ட வழக்கில், 2018-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விற்றது உண்மையாக இருந்தாலும், பதிவேட்டில் பெயர் உள்ளவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், பொறுப்பும் அவருடையதே. உயிரிழப்பு என்றால் இழப்பீடு பல லட்சங்களைத் தொடும். பணம் வாங்கிய ரசீதும் தரகரின் சாட்சியும் அங்கே கைகொடுக்காது.

மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஃபாரம் 29 மூலம் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதேபோல, ஓடுகிற பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி வாங்கியவர் 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்க வேண்டும். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு கூடவே போய்விடும். வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்போ, பாலிசி பெயர் மாறினால்தான் வாங்கியவருக்குக் கிடைக்கும்.

முதலில் பெயர், பிறகு மின்னஞ்சல்

அப்பாவும் மகனும் வேலையை வரிசையாகச் செய்தார்கள். செப்டம்பர் 10-ம் தேதி வங்கிக்குப் போய், கடன் பாக்கி இல்லை என்ற சான்றும், வங்கி கையெழுத்திட்ட ஃபாரம் 35-ம் வாங்கினார்கள். 15-ம் தேதி வாங்கியவரையும் அழைத்துக்கொண்டு தாராபுரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஹெச்.பி. நீக்கம், பெயர் மாற்றம் இரண்டுக்கும் சேர்த்து விண்ணப்பித்தார்கள். 22-ம் தேதி ஆர்.சி. வாங்கியவர் பெயருக்கு மாறியது. அக்டோபர் 5-ம் தேதியிலிருந்து தொடங்கும்படி அவர் தன் பெயரில் தனிப் பாலிசியும் எடுத்துக்கொண்டார்.

மறுநாளே இரண்டாவது மின்னஞ்சல் போனது. மகன் ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் வடிவம் இது.

*பொருள்: வாகனம் விற்கப்பட்டது – தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்தக் கோருதல் – பாலிசி எண், வாகன எண்*

*ஐயா, மேற்கண்ட பாலிசி என் பெயரில் உள்ளது. அது அக்டோபர் 4 நள்ளிரவு முடிகிறது. இந்த டிராக்டரை ஏப்ரல் 12-ம் தேதி விற்றுவிட்டேன். செப்டம்பர் 22-ம் தேதி ஆர்.சி. வாங்கியவர் பெயருக்கு மாற்றப்பட்டுள்ளது.*

*1. இந்தப் பாலிசியை அக்டோபர் 4-க்குப் பிறகு புதுப்பிக்க வேண்டாம். நடப்புப் பாலிசியை இடையில் ரத்து செய்யும்படி நான் கேட்கவில்லை.*

*2. என் வங்கிக் கணக்கின் ஆட்டோ டெபிட் ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன். அக்டோபர் 1-ம் தேதி பணம் எடுக்க வேண்டாம்.*

*3. நான் சேர்த்துள்ள நோ கிளைம் போனஸுக்கான சான்றிதழை அனுப்பவும்.*

*4. மேற்கண்டவற்றைச் செய்துவிட்டதாக, கோரிக்கை எண்ணுடன் இந்த முகவரிக்குப் பதில் அனுப்பவும்.*

*இணைப்பு: கையெழுத்திட்ட கடிதம், அடையாளச் சான்று, புதிய ஆர்.சி. நகல், பாலிசியின் முதல் பக்கம்.*

செப்டம்பர் 26-ம் தேதி, புதுப்பித்தல் நிறுத்தப்பட்டதாகப் பதில் வந்தது. அதோடு விடாமல், மறுநாள் வங்கிக் கிளையிலும் அந்த ஆட்டோ டெபிட் ஒப்புதலை ரத்து செய்யக் கடிதம் கொடுத்தார்கள். வங்கியில் கேட்பது ‘யு.எம்.ஆர்.என்.’ என்ற எண்ணை. ஒவ்வொரு ஒப்புதலுக்கும் தனியாக ஓர் எண் உண்டு. ஏற்கெனவே பணம் எடுத்தபோது வந்த விவரத்தில் பார்க்கலாம், கிளையிலும் கேட்டு வாங்கலாம். நிறுவனம் வங்கிக்குப் பட்டியலை அனுப்பிய பிறகு நிறுத்துவது கடினம். அதனால், பணம் எடுக்கும் தேதிக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே மின்னஞ்சல் போய்விடுவது நல்லது. கணக்கில் பணம் வைக்காமல் விட்டுவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி விட்டால், பணம் எடுக்க முடியாமல் திரும்பியதற்கு வங்கி கட்டணம் பிடிக்கும்.

மின்னஞ்சலில் மூன்றாவதாகக் கேட்ட நோ கிளைம் போனஸ், வண்டிக்குச் சொந்தமானது அல்ல, பாலிசிதாரருக்குச் சொந்தமானது. தொடர்ந்து மூன்று வருஷம் கிளைம் எடுக்காத அவருக்கு, சொந்தச் சேத பிரீமியத்தில் 35 சதவிகிதத் தள்ளுபடி சேர்ந்திருந்தது. இந்தச் சான்றிதழை வைத்து மூன்று வருஷத்துக்குள் அதே வகை வண்டி வாங்கினால், அதன் பாலிசியில் இந்தத் தள்ளுபடியைப் பெறலாம். கேட்காவிட்டால் யாரும் தேடி வந்து தர மாட்டார்கள்.

தேதிக்குள் பெயர் மாறாவிட்டால்?

வாங்கியவர் இழுத்தடித்து, பணம் எடுக்கும் தேதி வந்துவிட்டால், அந்த ஒரு முறை புதுப்பித்தலை நிறுத்தக் கூடாது. மூன்றாம் நபர் காப்பீடாவது தொடர வேண்டும். செலவை வாங்கியவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கூடவே, ஃபாரம் 29-ஐ தரகரை நம்பிக் கொடுக்காமல், விற்றவரே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும்.

பெயர் மாறிய பிறகும் பணம் எடுக்கப்பட்டுவிட்டால், அன்றே மின்னஞ்சல் அனுப்பி, புதுப்பித்த பாலிசியை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தரக் கேட்க வேண்டும். புதிய ஆர்.சி-யோடு, வாங்கியவர் எடுத்த பாலிசியின் நகலையும் இணைக்க வேண்டும். வேறு பாலிசி இருப்பது தெரியாமல் மூன்றாம் நபர் காப்பீட்டை ரத்து செய்ய மாட்டார்கள். பதில் வராவிட்டால், அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதலாம். அவருடைய முகவரி பாலிசிப் பத்திரத்திலேயே இருக்கும். அங்கும் தீராவிட்டால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ இணையதளத்திலோ, 155255 என்ற கட்டணமில்லா எண்ணிலோ புகார் செய்யலாம்.

அக்டோபர் 1-ம் தேதி அந்த விவசாயியின் கணக்கிலிருந்து பணம் எதுவும் போகவில்லை. “9,640 ரூபாய் மிச்சமாச்சுன்னு பையன் சந்தோஷப்பட்டான். அஞ்சு மாசமா என் பேர்ல எவனோ ஓட்டின டிராக்டர் யார் மேலயும் மோதாம இருந்துச்சே, எனக்கு அதுதானுங்க பெருசு” என்கிறார் அவர். அடுத்ததாக, போன வருஷம் விற்ற பழைய மொபெட்டின் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறார்.