ஒரே விறைப்பு, இரண்டு கம்பிகள்

உடைந்த ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் யோசனை இதுதான்: "கொஞ்சம் தடிமனா போட்டுக்கங்க, உடையாது." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 27 மி.மீ. வெளிவிட்டம் உள்ள ஒரு ஸ்பிரிங்கில் 3 மி.மீ. கம்பிக்குப் பதில் 3.5 மி.மீ. கம்பியைச் சுற்றினால், அதன் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். காலால் அழுத்தும் பெடல் என்றால், மாலைக்குள் அந்தக் கால் வலித்துவிடும்.

ஒரு பெடலையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்பிரிங் உட்காரும் குழியின் விட்டம் 30 மி.மீ. அமுங்கும்போது ஸ்பிரிங் சற்று விரியும் என்பதால் வெளிவிட்டத்தை 27 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். பெடல் சும்மா இருக்கும்போதே 60 நியூட்டன், அதாவது சுமார் 6 கிலோ விசை அதைத் தாங்கி நிற்க வேண்டும். 20 மி.மீ. மிதித்ததும் அது 180 நியூட்டன் ஆக வேண்டும். 20 மி.மீட்டருக்கு 120 நியூட்டன் கூடுகிறது, ஆக மி.மீட்டருக்கு 6 நியூட்டன். இதுதான் நமக்கு வேண்டிய விறைப்பு.

இனி கம்பி. ஸ்பிரிங்கை அமுக்கும்போது கம்பி வளைவதைவிட முறுக்கப்படுகிறது என்பதே இதில் முக்கியம். ஈரத்துணியைப் பிழிவது போன்ற முறுக்கல் அது. எஃகு அந்த முறுக்கலை எவ்வளவு எதிர்க்கிறது என்பதை G என்ற எண் சொல்கிறது. ஸ்பிரிங் கம்பிக்கு அது ச.மி.மீட்டருக்கு ஏறத்தாழ 79,000 நியூட்டன்.

```
k = G·d⁴ / (8·D³·n)
```

k விறைப்பு, d கம்பியின் விட்டம், D சுருளின் சராசரி விட்டம், அதாவது வெளிவிட்டத்தில் ஒரு கம்பியின் தடிமனைக் கழித்தது, n வேலை செய்யும் சுற்றுகள். கம்பி விட்டம் நான்காம் அடுக்கில் நிற்பதைக் கவனியுங்கள். அரை மில்லிமீட்டர் இவ்வளவு ஆட்டம் காட்டுவது அதனால்தான்.

முதலில் 2.5 மி.மீ. கம்பியை எடுத்துப் பார்ப்போம். D 24.5 மி.மீ.; 4.4 சுற்றுகள் போதும், விறைப்பு சரியாக 6 வந்துவிடும். பலர் இங்கேயே கணக்கை மூடிவிடுகிறார்கள். கம்பி அந்தச் சுமையைத் தாங்குமா என்பது வேறு கேள்வி, அதற்குச் சூத்திரமும் வேறு:

```
τ = K·8·F·D / (π·d³)
```

F சுமை; τ கம்பிக்குள் எழும் தகைவு. K என்பது வளைவுக்கான திருத்தம். சுருளின் உட்புறத்தில் தகைவு கூடுதலாகத் திரளும். விரிசலும் அங்கேதான் தொடங்கும். நம் ஸ்பிரிங்குக்கு K சுமார் 1.15. 180 நியூட்டனில் தகைவு ச.மி.மீட்டருக்கு 825 நியூட்டன் வருகிறது. இந்தத் தடிமனில் கார்பன் ஸ்பிரிங் கம்பியின் இழுவலிமை 1,600 என்று கொண்டால், முறுக்கலில் அதில் 45 சதவீதம், அதாவது 720 வரைதான் நம்பலாம். 825 அதைத் தாண்டிவிட்டது. இந்த ஸ்பிரிங் உடனே உடையாது; உயரம் குறைந்து 'உட்கார்ந்துவிடும்'. பெடல் தொளதொளக்கும்.

3 மி.மீ. கம்பிக்குப் போனால் D 24 மி.மீ., சுற்றுகள் 9.6. விறைப்பு அதே 6தான். ஆனால் தகைவு 482-க்கு இறங்குகிறது. இழுவலிமையில் இது 30 சதவீதம். நாள் முழுக்க மிதிபடும் ஸ்பிரிங்குக்கு இந்த அளவில் நிற்பதே நல்லது. 720 என்ற எல்லையைத் தொட ஏறத்தாழ 270 நியூட்டன் சுமை வேண்டும். இதன் பாதுகாப்பான உச்சச் சுமை அதுதான்.

நீளம் மிச்சமிருக்கிறது. முனைகளில் வேலை செய்யாத 2 சுற்றுகளைச் சேர்த்தால் மொத்தம் 11.6, எல்லாச் சுற்றும் ஒட்டிக்கொண்டால் உயரம் 35 மி.மீ. 180 நியூட்டனுக்கு 30 மி.மீ. அமுங்கும், அதற்கு மேல் 5 மி.மீ. இடைவெளி விட்டால் சுமையில்லா நீளம் 70 மி.மீ. யாராவது முரட்டுத்தனமாக மிதித்து முழுக்க ஒட்டவைத்தாலும் 210 நியூட்டன்தான் ஆகும், 270-ஐ எட்டாது. சுற்றுகள் ஒட்டியதுமே தடுப்பு வந்துவிடுகிறது என்பதால் கம்பிக்குச் சேதமில்லை. முடிந்தவரை இப்படி அமைவதையே தேர்ந்தெடுங்கள்.

வாங்கும்போது கம்பியை மைக்ரோமீட்டரால் அளந்துவிடுங்கள், 3 மி.மீ. கம்பி 3.1 ஆக இருந்தாலே விறைப்பு 14 சதவீதம் கூடிவிடும். பிறகு ஸ்பிரிங்கை நிறுத்தி மேலே 10 கிலோ எடை வையுங்கள்: 16 மி.மீ. குறைய வேண்டும். கடைசியாக, சில முறை முழுக்க அமுக்கிவிட்டு நீளத்தை மறுபடி அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் அந்த ஸ்பிரிங்கை வாங்காதீர்கள்.