தவறிய இலக்கும் தலைவரின் சொல்லும்

இலக்கைத் தவறவிட்ட குழுவிடம் தலைவர் சொல்ல வேண்டியவை இரண்டு. உழைப்புக்கு உரிய மதிப்பு ஒன்று. எங்கே தவறியது என்ற கணக்கு மற்றொன்று. பாராட்டை முன்னால் விட்டுக் கணக்கை மறைப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. இரண்டையும் எப்படிச் சொல்வது என்பதற்கு 1979-இல் நல்ல சான்று ஒன்று கிடைக்கிறது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 முதன்முறையாக ஏவப்பட்டது. நான்கு கட்டங்களும் ஏறத்தாழ 17 டன் எடையும் கொண்ட அந்த ராக்கெட்டின் திட்ட இயக்குநர் அப்துல் கலாம். முதல் கட்டம் குறையின்றி வேலை செய்தது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு போய், ராக்கெட் வங்கக்கடலில் விழுந்தது. அன்றைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தாமே செய்தியாளர்களைச் சந்தித்துத் தோல்விக்குப் பொறுப்பேற்றார் என்றும், குழுவின் மீது நம்பிக்கை இருப்பதாகச் சொன்னார் என்றும் கலாம் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

இது வெளியுலகுக்கான சொல். உள்ளே நடந்த ஆய்வில் பேச்சு வேறு. ராக்கெட்டின் திசையைத் திருத்தும் சிறு உந்திகளுக்குத் தேவையான நைட்ரிக் அமிலம் முன்பே கசிந்து தீர்ந்திருந்தது. அமிலத் தொட்டியின் வால்வில் மாசு சிக்கியதால் அது சரியாக மூடவில்லை. ஏவுவதற்குச் சில நிமிடங்கள் முன்பே கசிவு தெரியவந்தும், பாதிக்காத அளவு என்று கருதப்பட்டது. அப்படி முடிவெடுத்தது தமது பிழை, ஏவுதலை நிறுத்தியிருக்க வேண்டும் என்று ஆய்வுக் கூட்டத்தில் கலாம் சொன்னார். பழி வால்வோடு நின்றிருந்தால், அடுத்த முறை கசிவு தெரிந்தபோதும் அதே முடிவுதான் வந்திருக்கும்.

ஆகவே அப்படிப்பட்ட செய்தியில் பாராட்டும் பிழையும் ஒரே அளவு துல்லியமாக இருக்க வேண்டும். “எல்லோரும் கடுமையாக உழைத்தீர்கள்” என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. “முதல் கட்டம் கணக்கிட்டபடியே இயங்கியது, அதைச் செய்தவர்களின் சோதனை முறையை மாற்ற வேண்டாம். கசிவைச் சிறியது என்று முடிவு செய்தோம், அது தவறு. இனி கசிவு தெரிந்தால் எண்ணிக்கை நிற்கும்” என்று சொன்னால் எதைத் தொடர்வது, எதை விடுவது என்பது விளங்கும். “ஆனால்” என்று பாராட்டின் வாலில் குறையைக் கட்டுவதும் உதவாது. கேட்பவர் காதில் பாராட்டு நிற்காது. தனித்தனி வாக்கியங்களே நல்லது.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. உழைப்பே குறைந்த இடத்தில் உழைப்பைப் பாராட்டினால், உண்மையில் உழைத்தவருக்குத்தான் முதலில் உறுத்தும்.

1980 ஜூலை 18-இல் எஸ்.எல்.வி.-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அன்று செய்தியாளர்களிடம் பேசும்படி தவான் கலாமையே அனுப்பினார்.