பேத்தி எழுதிய அஞ்சலி: திருத்துவது எப்படி?

வீட்டில் ஒரு பெரியவர் காலமானால், 31ஆம் நாள் நினைவு மலருக்குப் பேரப்பிள்ளையும் சில வரிகள் எழுதுவது எமது வழக்கம். இடம்பெயர்வில் படங்களும் பத்திரங்களும் தொலைந்த குடும்பங்களில், பிற்காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த மலரே எஞ்சும். ஆகவே அதைத் திருத்தித் தரும் தாய்க்குக் கவனம் வேண்டும்.

தலைமன்னாரைச் சேர்ந்த 14 வயதுப் பேத்தி ஒருத்தி இவ்வாறு எழுதுகிறாள் என வைத்துக்கொள்வோம்:

“எங்கள் அப்பப்பா அன்பானவர், பண்பானவர், எல்லோருக்கும் நல்லவர். அவர் ரயில் நிலையத்தில் மூட்டை சுமந்தது. 1990 இல் ரயில் நின்றது. நாங்கள் மடுவுக்கு இடம்பெயர்ந்தோம். எனக்குச் சூடை மீனில் முள் எடுத்து தருவார். இப்போது கவலை.”

முதலில் வினைமுற்றுகளைப் பாருங்கள். ‘அவர்’ என்று தொடங்கினால் ‘சுமந்தார்’ என்றே முடிய வேண்டும். வீட்டுப் பேச்சில் ‘அது, இது’ என்பது எழுத்தில் மரியாதைக் குறைவாகிவிடும்.

இரண்டாவது, காலமும் ஆளும். 1990 இல் பேத்தி பிறக்கவில்லை. ‘இடம்பெயர்ந்தோம்’ என்றால் அவளும் போனதாகிவிடும். ‘குடும்பத்தோடு இடம்பெயர்ந்தார்’ என்பதே சரி.

மூன்றாவது, ஒற்று. ‘எடுத்துத் தருவார்’ என ‘த்’ வர வேண்டும். ஆனால் எல்லா இடத்திலும் ஒற்றுப் போடக்கூடாது. ‘வந்து போனார்’, ‘செய்து கொடுத்தார்’ என்பவற்றில் ஒற்று மிகாது.

அழகு சேர்ப்பதென்றால் அடைமொழி சேர்ப்பதல்ல. ‘அன்பானவர், பண்பானவர்’ என்பவை எந்தத் தாத்தாவுக்கும் பொருந்தும். முள் எடுத்துக் கொடுத்த கை இவருக்கே உரியது. அதை நடுவில் வையுங்கள். ‘இப்போது கவலை’ என்ற வரி முடியாமல் நிற்கிறது. “இப்போது என்ன செய்கிறாய்?” என்று பிள்ளையிடமே கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை எழுதுங்கள். உங்கள் சொற்களை அவள் வாயில் வைக்க வேண்டாம்.

திருத்திய பின்:

“எங்கள் அப்பப்பா தலைமன்னார் ரயில் நிலையத்தில் மூட்டை சுமந்தார். 1990 இல் ரயில் நின்றது. குடும்பத்தோடு மடுவுக்கு இடம்பெயர்ந்தார். 2015 இல் ரயில் திரும்பி வந்தபோது, வேலை இல்லாவிட்டாலும் பார்க்கப் போனாராம். மூட்டை தூக்கிக் காய்த்த அதே கையால் எனக்குச் சூடை மீனில் முள் எடுத்துத் தருவார். இப்போது நான் தம்பிக்கு எடுத்துக் கொடுக்கிறேன்.”

ரயில் திரும்பிய செய்தி தகப்பன் சொன்னது. பேத்தி கேட்டறிந்ததால்தான் ‘போனாராம்’ என்று நிற்கிறது. அதைப் ‘போனார்’ என மாற்ற வேண்டாம். அச்சுக்குக் கொடுக்குமுன் பிள்ளையையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அவள் தடக்குப்படும் சொல் அவளுடையதல்ல, அதை எடுத்துவிடுங்கள்.