‘மெஷின் பழசு’ என்று எழுதினால் நிர்வாகம் அசையாது

ஆஸ்பத்திரி பில்லில் ஸ்கேனுக்கு ஒரு வரி இருக்கும். சர்க்கரைக்கும் யூரியாவுக்கும் தனித்தனி வரி இருக்கும். சென்ட்ரிஃபியூஜுக்கு மட்டும் எந்தப் பில்லிலும் வரி கிடையாது. ரத்தக் குழாய்களைச் சுழற்றி, கனமான அணுக்களை அடியில் தள்ளி, தெளிந்த சீரத்தையோ பிளாஸ்மாவையோ மேலே நிறுத்துவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. வருமானக் கணக்கில் அதன் பெயர் வருவதே இல்லை என்பதால், வாங்க வேண்டிய கருவிகளின் பட்டியலில் அது எப்போதும் கடைசியில் நிற்கும்.

இந்த நிலையில்தான் லேப் டெக்னாலஜிஸ்ட் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுகிறார். “தற்போதுள்ள மெஷின் மிகவும் பழையது, அடிக்கடி பழுதாகிறது, புதியது வாங்கித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.” பத்து ஆண்டு ஓடிய ஜெனரேட்டரும் பழையதுதான், அது இன்னும் ஓடுகிறதே என்று நிர்வாக அதிகாரி நினைப்பதில் தவறில்லை. ஃபைல் நகராது. அதே கோரிக்கையை நகரவைக்கும் கடிதம் எப்படி இருக்கும் என்பதை ஒரு மாதிரிக் கணக்கோடு பார்க்கலாம். மாவட்டத் தலைநகரில் நூறு படுக்கை கொண்ட ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அதன் லேபில் 16 குழாய் பிடிக்கும் ஒரே ஒரு சென்ட்ரிஃபியூஜ் என்று வைத்துக்கொள்வோம். அந்த லேபின் எண்களும் ரூபாய்களும் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. மருத்துவ அளவுகள் உண்மையானவை.

முதலில் கடிதத்துக்குச் சாட்சி வேண்டும். பல பழைய மாடல்களில் குமிழைத் திருப்பி எந்த வேகத்தை வைக்கிறோமோ அதுதான் முகப்பில் தெரியும். உள்ளே ரோட்டர் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது தெரியாது. மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்தாலும், பேரிங் இறுகினாலும், வோல்டேஜ் குறைந்தாலும் வேகம் இறங்கும். இதைக் கண்டுபிடிக்கும் கருவி டாக்கோமீட்டர். ரோட்டரில் பளபளப்பான ஒரு சிறு ஸ்டிக்கரை ஒட்டி, மூடியிலுள்ள கண்ணாடித் துளை வழியாக ஒளியைப் பாய்ச்சினால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண் வந்துவிடும். நம் மாதிரி லேபில் 3000-இல் வைத்த மெஷின் 2400 சுற்றுதான் ஓடுகிறது. வோல்டேஜ் சரியாக இருந்த வேளையில் மூன்று நாள் அளந்தும் இதே கதைதான்.

600 சுற்று குறைந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். குழாய்க்குள் அணுக்களைக் கீழே தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் விசை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். ரோட்டரின் மையத்திலிருந்து குழாயின் அடி வரை 15 செ.மீ. என்றால், 3000 சுற்றில் கிடைக்கும் விசை புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 1500 மடங்கு. 2400 சுற்றில் அது சுமார் 970 மடங்குதான். மஞ்சள் மூடி ஜெல் குழாய்க்கு 1000 முதல் 1300 மடங்கு வரை விசை தேவை. ரத்தம் உறையும் தன்மையைச் சோதிக்க எடுக்கும் நீல மூடி சிட்ரேட் குழாய்க்கு 1500 மடங்கில் 15 நிமிடம் என்பது பரவலான நடைமுறை. ஆக, இந்த மெஷின் இரண்டு வேலைக்குமே எட்டவில்லை. “பழசு” என்ற சொல் இல்லாமலே இது கடிதத்தின் முதல் பத்தியாகிவிடுகிறது.

அடுத்த பத்தி நோயாளியைப் பற்றியது. இங்கே நான்கைந்து நோய்களின் பெயரை அடுக்குவதைவிட, இரண்டு பரிசோதனைகளை முழுதாகச் சொல்வது மேல்.

ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்காமல் வைத்திருந்தால், குழாய்க்குள் இருக்கும் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சர்க்கரையைத் தின்றுகொண்டேயிருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு குறையும். வெறும் வயிற்றில் ஒருவருடைய உண்மையான சர்க்கரை 130 என்றால், இரண்டு மணி நேரம் காத்திருந்த குழாயில் அது 115 அளவில் வரும். நீரிழிவு என்று சொல்வதற்கான எல்லை 126. நோய் உள்ளவர் “கொஞ்சம் கவனமாக இருங்கள்” என்ற அறிவுரையோடு வீட்டுக்குப் போய்விடுவார். சர்க்கரைக்கென்று உள்ள சாம்பல் மூடி ஃபுளூரைடு குழாயிலும், முதல் ஒரு மணி நேரத்தில் இந்த இழப்பு முழுதாக நிற்பதில்லை.

இரண்டாவது பொட்டாசியம். விசை போதாமல் ஜெல் சரியாக அமராத குழாயைப் பார்த்ததும் “இன்னொரு தடவை சுத்தி எடுத்துடலாம்” என்று கை போகும். அங்கேதான் ஆபத்து. ஜெல்லுக்குக் கீழே அணுக்களோடு தங்கியிருந்த திரவத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கும். இரண்டாம் சுற்றில் அது மேலே வந்து கலக்கும். ஜெல் குழாயை மறுபடி சுழற்றக் கூடாது என்பது அதனால்தான். 4.5 இருந்த அளவு 6-ஐத் தாண்டித் தெரிந்தால், இதயத் துடிப்பு பிசகும் அபாயம் என்று மருத்துவர் அவசர சிகிச்சையில் இறங்க நேரும். இல்லாத நோய்க்கு மருந்து.

சிட்ரேட் குழாயின் குறையைக் காட்ட லேபிலேயே எளிய வழி இருக்கிறது. சுழற்றி எடுத்த பிளாஸ்மாவை ரத்த அணுக்களை எண்ணும் செல் கவுன்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு மைக்ரோ லிட்டரில் தட்டணுக்கள் 10,000-க்குக் கீழே இருந்தால் பிளாஸ்மா சரி. நம் மாதிரி லேபில் 38,000 வருகிறது. எஞ்சிய தட்டணுக்கள் ஹெப்பாரின் மருந்தின் வேலையை ஓரளவு அடக்கிவிடும் என்பதால், அந்த மருந்து ஏறும் நோயாளியின் பரிசோதனை முடிவை நம்ப முடியாது. செல் கவுன்டர் அச்சிட்டுத் தந்த தாளைக் கடிதத்தோடு இணைத்துவிட்டால் வாதமே தேவையில்லை.

பிறகு நேரம். காலை ஏழு மணிக்கு வார்டுகளிலிருந்து 64 குழாய்கள் வருகின்றன. ரத்தம் உறைய அரை மணி நேரம் விட்டு, 7.30-க்குத் தொடங்கி நான்கு முறை சுழற்ற வேண்டும். நல்ல மெஷினில் ஏற்றி, சுற்றி, நிறுத்தி இறக்க ஒரு முறைக்கு 14 நிமிடம், நான்கும் 8.26-க்கு முடிந்துவிடும். இப்போது விசைக் குறைவை ஈடுகட்டச் சுற்றும் நேரத்தை நீட்டுகிறார்கள். பிரேக்கும் பிடிக்காததால் ரோட்டர் தானாக ஓய்ந்து நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு முறைக்கு 22 நிமிடம். கடைசிக் குழாய்கள் வெளியே வரும்போது மணி 8.58. ரத்தம் எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும் என்ற விதிக்கு இரண்டே நிமிடம்தான் மிச்சம். நடுவில் மெஷின் ஒருமுறை ஆடி நின்றாலும் விதி உடைந்துவிடும். ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் கையில் ரிப்போர்ட் இல்லாததற்கும், டிஸ்சார்ஜ் மதியத்துக்குத் தள்ளிப்போவதற்கும் காரணம் இந்த 32 நிமிடம் என்று எழுதும்போது, அது படுக்கை காலியாகும் கணக்கோடு சேர்ந்துவிடுகிறது. நிர்வாகம் தினமும் பார்க்கும் கணக்கு அதுதான்.

பணக் கணக்கில் நேர்மை முக்கியம். ஒரு மாதத்தில் 140 சாம்பிள்கள் நிராகரிக்கப்பட்டிருந்தால், அத்தனையையும் சென்ட்ரிஃபியூஜ் தலையில் கட்டக் கூடாது. ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து வரும் சாம்பிள்களில் பெரும்பாலானவை ஊசி குத்தி எடுக்கும்போதே கெட்டவை. அளவு குறைந்தவை, பெயர் மாறியவை தனி. இவற்றைக் கழித்து, பிரியாத ஜெல், தாமதம் ஆகிய காரணங்களால் திரும்ப எடுத்தவை 45 என்று நிராகரிப்பு நோட்டு சொல்கிறது. குழாய், ஊசி, ரீஏஜென்ட் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 200 ரூபாய் என்றால் மாதம் 9,000. உறைதல் பரிசோதனைகளை வெளி லேபுக்கு அனுப்புவதில் நாளுக்கு நான்கு, ஒன்றுக்குக் கூடுதலாக 250 ரூபாய், மாதம் 30,000. கடந்த ஆறு மாத ரிப்பேர் செலவு 21,000, மாதத்துக்கு 3,500. மொத்தம் 42,500 ரூபாய். ரோட்டர், வரி, நிறுவும் செலவு, அளவீட்டுச் சான்றிதழ் எல்லாம் அடங்கிய புதிய மெஷினின் விலை 1,70,000 என்றால், நான்கு மாதத் தாமதத்தின் விலையும் அதேதான். எட்டு மாதம் யோசித்தால் இரண்டு மெஷின் விலை போய்விடும், கையில் பழைய மெஷின்தான் இருக்கும்.

“ரிப்பேர் பண்ணிக்கலாமே சார்?” என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்கான பதிலும் கடிதத்திலேயே இருக்க வேண்டும். மோட்டாரும் கன்ட்ரோல் போர்டும் மாற்ற 55,000 ரூபாய். உதிரி பாகம் இனி கிடைக்கும் என்று சர்வீஸ் கம்பெனி எழுதித் தரவில்லை. உப்பேறி அரித்த ரோட்டருக்கு உத்தரவாதமும் இல்லை. உதிரி பாகம் உறுதியாகக் கிடைத்து, ரோட்டரும் நன்றாக இருந்திருந்தால் ரிப்பேர்தான் சரி என்றும் எழுதலாம். அப்படி எழுதுபவரின் மற்ற வரிகளையும் நிர்வாகம் நம்பும்.

பயமுறுத்துவது அதற்கு நேர் எதிர். 1998 டிசம்பரில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ் ஒன்றின் ரோட்டர் உடைந்து ஆய்வகமே சிதைந்தது. அது மேசை மேல் இருக்கும் நம் மெஷினைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓடும் வேறு வகை. அந்தப் படத்தைக் கடிதத்தோடு இணைத்தால், விவரம் தெரிந்த பயோமெடிக்கல் இன்ஜினியர் ஒருவரே மொத்தக் கோரிக்கையையும் சாய்த்துவிடுவார். மேசை மெஷினின் உண்மையான ஆபத்து வேறு. மூடிப் பூட்டு தளர்ந்தால் ரோட்டர் சுற்றும்போதே திறந்துகொள்ளும். குழாய் உடைந்தால் ரத்தத் துளிகள் காற்றில் பரவும். மூடிப் பூட்டு எந்தத் தேதியில் வேலை செய்யவில்லை என்று பதிவேட்டில் இருந்தால் அந்த ஒரு வரி போதும். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற லேப் என்றால் இன்னொன்றும் சேரும்: ஐ.எஸ்.ஓ. 15189 தரவிதிப்படி, குறையுள்ள கருவியை லேபிள் ஒட்டிப் பயன்பாட்டிலிருந்து விலக்கிவைக்க வேண்டும். ஒரே மெஷின் உள்ள லேபில் அதன் அர்த்தம், வேலை நிற்பது.

கடிதத்தின் கடைசிப் பத்தியில் மூன்று விஷயங்கள் போதும். புதியது வரும் வரை என்ன செய்யப்போகிறோம் என்பது முதலாவது: ஜெல் குழாயை மறுபடி சுழற்றுவதில்லை, சிட்ரேட் குழாய்களை இங்கே ஓட்டுவதில்லை, வாரம் ஒருமுறை டாக்கோமீட்டரில் அளந்து எழுதுகிறோம். எந்தத் தேதிக்குள் முடிவு தேவை என்பது இரண்டாவது. கொட்டேஷன்களின் விலை செல்லும் கடைசி நாளை அதற்கு வைத்துக்கொள்ளலாம். புதிய மெஷின் வந்த அன்று என்னென்ன சோதிப்போம் என்பது மூன்றாவது: டாக்கோமீட்டரில் வேகம், ஸ்டாப்வாட்சில் நேரம், செல் கவுன்டரில் தட்டணு எண்ணிக்கை. இந்த மூன்றும் சரியென்று கையெழுத்தான பிறகே சப்ளையருக்குப் பாக்கித் தொகை போகும் என்ற நிபந்தனையை பர்ச்சேஸ் ஆர்டரில் சேர்க்கச் சொல்லிக் கடிதம் முடியும்.