இருநூறு சொல்லில் ஒரு காட்சி

நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு தொடர்கதை எழுதுகிறோம். ஒருவர் 200 சொல் எழுதி நிறுத்த, அடுத்தவர் அங்கிருந்து தொடர வேண்டும். எனக்கு முன் எழுதியவர் செல்வியை பிரிக்பீல்ட்ஸில், கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் நிறுத்தியிருந்தார். அவள் கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டாள். கிள்ளான் லிட்டல் இந்தியாவில் பூமாலை கட்டும் அப்பாவிடம் இனிதான் சொல்லவேண்டும்.

எழுதத் தொடங்கும் முன், முந்தைய பகுதியின் வேகத்தை அளந்தேன். அவருடைய 200 சொல்லில் கதைக்குள் ஐந்து நிமிடமே கடந்திருந்தது. அடுத்த 200 சொல்லில் செல்வி வீடு போய், அப்பா கோபித்து, அவள் வேலை தேடி, திருமணமும் முடிந்துவிட்டால், வாசகருக்கு வேறொரு கதைக்குள் வந்துவிட்டதுபோல் இருக்கும். ஆகவே என் பகுதிக்கு ஒரே நிகழ்ச்சி: அப்பாவிடம் சொல்வது.

அடுத்து 200 சொல்லைப் பங்கிட்டேன். கொமுட்டர் ரயில் பயணத்துக்கு 25, கடைத்தெருவுக்கு 35, பேச்சுக்கு 120, முடிவுக்கு 20. கிள்ளானுக்கு ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும்; பேச்சோ இரண்டு நிமிடம்தான். ஆனாலும் செல்வியின் வாழ்க்கை மாறுவது அந்த இரண்டு நிமிடத்தில்தான். அதனால் அதற்கே அதிகச் சொல். பிரெஞ்சு ஆய்வாளர் ஜெரார் ஜெனெட் 1972இல் வெளிவந்த நூலில் இந்த வேறுபாட்டை விளக்கினார்: சுருக்கத்தில் நீண்ட நேரம் சில வரிகளில் ஓடிவிடும், காட்சியில் கதையின் நேரமும் படிக்கும் நேரமும் ஏறத்தாழ ஒன்றாக நடக்கும்.

பயணத்தில் நிலையங்களை வரிசையாகச் சொன்னால் 25 சொல்லும் போதாது. சுபாங் ஜெயாவில் அப்பாவுக்குத் தட்டச்சு செய்த குறுஞ்செய்தியை, ஷா ஆலம் வருமுன் அழித்துவிடுகிறாள். அது ஒன்றே போதும். அவள் பயமும் தெரிகிறது, ரயிலும் நகர்கிறது.

எழுதி முடித்ததும் இரண்டு சோதனைகள். ‘பிறகு’, ‘உடனே’, ‘அதன்பின்’ அடுத்தடுத்து வந்தால் காட்சி ஓடுகிறது. அந்த இடத்தில் ஒரு நிகழ்ச்சியைக் குறைக்க வேண்டும். ஒரு வாக்கியத்தை நீக்கிய பிறகும் அப்பாவின் பதிலோ செல்வியின் மனமோ மாறவில்லை என்றால், அது வீக்கம். கடைத்தெருப் பகுதியில் மல்லிகை மணத்தைப் பற்றிய இரண்டாவது வாக்கியம் அப்படித்தான் போனது.

ஆங்கிலத்திலும் எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘சொல்லிக்கொண்டிருந்தாள்’ தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் மூன்று சொல் தேவைப்படும். எனவே தமிழின் 200 சொல்லில் கூடுதலாகவே அடங்கும். ஆங்கில வரம்பை அப்படியே எடுத்துக்கொண்டால் காட்சி நீண்டுவிடும்.

முடிவின் 20 சொல்லில் அப்பா பதில் சொல்லவில்லை. நாரை முடிந்துவிட்டு, பக்கத்து முக்காலியை அவள் பக்கம் நகர்த்துகிறார். அந்த முக்காலியில் அவள் உட்காருவாளா என்பதை அடுத்து எழுதுபவர் தீர்மானிக்கட்டும்.